நோட்டீஸ் வந்து பெயரை மாற்றும்போது பாக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நெத்திலிக் கருவாடும் கருவாட்டுப் பொடியும் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு சிறு தொழில். பெயர் ‘அலைமகள்’ என்று வைத்துக்கொள்வோம். நீலப் பாக்கெட், அதில் வெள்ளைத் தோணிப் படம். ராமேஸ்வரம் கடைகளிலும் கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் பெட்டிகளிலும் அது இருக்கிறது. ஒருநாள் கோயம்புத்தூர் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வருகிறது: அதே பெயரை வேறொருவர் வணிகக்குறிப் பதிவகத்தில், மீன் பொருட்கள் அடங்கும் 29-ஆம் வகுப்பில் முன்பே பதிந்திருக்கிறார்.

முதலில் பில் புத்தகத்தைத் தேடுங்கள். அவர் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய நாள், பதிவு நாள், இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்தே நீங்கள் தொடர்ந்து விற்று வந்திருந்தால், வணிகக்குறிச் சட்டம் 1999-இன் 34-ஆம் பிரிவு உங்களைக் காக்கும். பெயரை மாற்றவே தேவையிருக்காது. அப்படி ஆதாரம் இல்லையென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். தவறுகள் அதற்கப்புறம்தான் தொடங்குகின்றன.

பலரும் முதலில் செய்வது, பழைய பெயருக்கு முன்னால் ‘ஸ்ரீ’ அல்லது ‘நியூ’ சேர்ப்பது. இது எடுபடாது. 1962-லேயே ‘அம்ரித்தாரா’, ‘லக்ஷ்மண்தாரா’ என்ற இரண்டு மருந்துப் பெயர்களும் குழப்பும் அளவுக்கு ஒத்தவை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதாரண ஆள் அரைகுறை ஞாபகத்தில் வாங்குவான், அவனுக்குக் குழப்பம் வருமா என்பதுதான் அளவுகோல். ‘ஸ்ரீ அலைமகள்’ என்றால் இன்னொரு நோட்டீஸுக்குச் செலவு செய்து பாக்கெட் அடித்ததாகத்தான் ஆகும்.

இதற்கு நேரெதிரான தவறு இன்னும் மோசம். பெயர் மாறப்போகிறதே என்று நிறம், படம், எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் புதுசாக்கிவிடுவது. கடையில் நின்று கவனியுங்கள், “தோணி போட்ட நீலப் பாக்கெட் இருக்கா?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். நோட்டீஸ் பெயரை மட்டும் கேள்வி கேட்டால் நீலத்தையும் தோணியையும் தொடாதீர்கள். நோட்டீஸை வரிவரியாகப் படித்து, பாக்கெட் தோற்றத்தையும் சேர்த்துக் குற்றம் சாட்டியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பெயரையே அந்தப் படத்திலிருந்து எடுக்கலாம். ‘நீலத்தோணி’ என்று வைத்தால் வாடிக்கையாளர் வாயில் ஏற்கெனவே இருப்பதுதான் பெயராகிறது. ‘ராமநாதபுரம் கருவாடு’ மாதிரி வைத்தால் ஊரும் பொருளும்தான் இருக்கும். பதிவு கிடைப்பது கடினம். அச்சகத்துக்குப் போகும் முன் வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் அதே உச்சரிப்பில் வேறு பெயர் இருக்கிறதா என்று தேடி, விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்.

அடுத்தது ‘முன்பு அலைமகள்’ என்று அச்சடிப்பது. நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் எதிர்த்தரப்பு சம்மதிக்காமல் போட்டால் அதுவும் அவருடைய பெயரைப் பயன்படுத்தியதாக வழக்கில் நிற்கும். சமரசம் பேசும்போதே இதை எழுத்தில் வாங்க வேண்டும்: ‘முன்பு’ என்ற வரியை எத்தனை மாதம் போடலாம், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கலாம், கையிலும் கடைகளிலும் இருக்கும் பழைய பாக்கெட்டை எந்தத் தேதிவரை விற்கலாம். ஆறு மாதம் கேட்டு மூன்று கிடைத்தாலும் லாபம்தான். நோட்டீஸைக் கிடப்பில் போட்டால் இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது. பதிவு வைத்திருப்பவர் தன் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். உங்களைக் கேட்காமலே இடைக்காலத் தடையும் வாங்கலாம். அன்றிலிருந்து குடோனில் இருக்கும் சரக்கை அந்தப் பெயரில் விற்க முடியாது.

கடைகளில் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதையும் தவிருங்கள். வாங்குபவர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்து, ஒன்று டூப்ளிகேட் என்று முடிவுகட்டி இரண்டையும் வைத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு கடையாகப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள். கடைக்காரரிடம் “அதே ஆளு, அதே சரக்கு, பேருதான் மாறியிருக்கு” என்று நேரில் சொல்லுங்கள். கேட்பவருக்கு அவர்தான் பதில் சொல்லப்போகிறார். பாக்கெட்டின் பின்பக்கம் சட்டப்படி போட வேண்டிய தயாரிப்பாளர் முகவரியும் உணவு உரிம எண்ணும் மாறவில்லை என்பதையும் அவருக்குக் காட்டுங்கள்.

போனில் வரும் ஆர்டருக்கும் இதே கதைதான். வாட்ஸ்அப் எண்ணை மாற்றாமல் காட்டும் பெயரை மட்டும் மாற்றுங்கள். கூகுள் மேப்பில் புதுக் கடை திறக்காமல் பழைய பதிவிலேயே பெயரைத் திருத்துங்கள்; இல்லையென்றால் சேர்ந்த மதிப்புரைகள் போய்விடும். பலரும் மறப்பது கியூஆர் அட்டை. பணம் அனுப்பும்போது திரையில் பழைய பெயர் வந்தால் துபாயிலிருக்கும் மகன் சொல்லி ஆர்டர் போடும் அம்மா, ஏமாற்று வேலையோ என்று நிறுத்திவிடுவார். வங்கியில் சொல்லி அதையும் அதே வாரத்தில் மாற்றுங்கள். கடைப் பெயரே மாறினால் ஜிஎஸ்டி பதிவில் 15 நாளுக்குள் திருத்தம் போட வேண்டும்.