கன்பன் பலகை: “காத்திருப்பு” கட்டத்தில் தொலையும் ஷிப்ட்

ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டில் எழுதி, “செய்வது”, “சரிபார்ப்பு”, “முடிந்தது” என்று கட்டம் கட்டமாக இடமிருந்து வலம் நகர்த்துவது கன்பன் பலகை. ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் எத்தனை கார்டு இருக்கலாம் என்பதுதான் வரம்பு. இதற்குப் புதிதாக வரும் அணிகள் வரம்பு எண்ணை எழுதிவிடுகின்றன. அதைச் சுற்றிப் போக ஒரு குறுக்குவழியையும் கூடவே திறந்துவிடுகின்றன. சர்வர் பராமரிப்பு அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று பேர், மதியம் 2 முதல் இரவு 10 வரை ஷிப்ட். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் இப்படிப்பட்ட அணிகள் செய்யும் ஒரு தவறு.

எல்லாவற்றையும் தொட்டுவைப்பது

ஒருவரிடம் தலா 2 மணி நேர வேலை நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றாக முடித்தால் 4, 6, 8, 10 மணிக்கு முடியும். அரை மணிக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்தால் முதல் வேலையே இரவு 8.30க்குத்தான் முடியும், மற்றவை 9, 9.30, 10 மணிக்கு. உழைப்பு அதே எட்டு மணி நேரம்தான். ஆனால் அந்த வேலைகளைக் கேட்டவர்களில் மூன்று பேர் தேவையில்லாமல் காத்திருந்தார்கள். விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை.

வரம்பில்லாத “காத்திருப்பு” கட்டம்

இதுதான் பெரிய நஷ்டம், திரும்பத் திரும்ப நடப்பதும் இதுவே. “செய்வது” கட்டத்துக்கு வரம்பு 3. டிஸ்க் இடம் கூட்ட ஸ்டோரேஜ் அணியின் பதில் வேண்டும். கார்டு “காத்திருப்பு”க்குப் போகிறது. காலியான இடத்தில் புது கார்டு ஏறுகிறது. அதற்கு மேலாளர் ஒப்புதல் வரவில்லை. அதுவும் அங்கேயே போகிறது. மாலை 6 மணிக்கு “செய்வது” கட்டத்தில் மூன்றே கார்டு, பார்க்க ஒழுங்காக இருக்கிறது. பக்கத்தில் ஒன்பது கிடக்கின்றன. 7.30க்கு நான்கு பதில்கள் சேர்ந்து வருகின்றன. இப்போது வரம்பை மீற வேண்டும், இல்லாவிட்டால் வந்த பதிலைக் கிடப்பில் போட வேண்டும். இரவு 10 மணிக்கு 12 கார்டுகள் அரைகுறையாக அடுத்த ஷிப்டுக்குப் போகின்றன. ஒவ்வொன்றையும் படித்துப் புரிந்துகொள்ளப் பத்து நிமிடம் என்றாலும், ஒருவருடைய இரண்டு மணி நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

ஆகவே தடைபட்ட கார்டை நகர்த்தாதீர்கள். இருந்த கட்டத்திலேயே சிவப்புக் குறியோடு நிற்கட்டும், வரம்பிலும் அதை எண்ணுங்கள். யாருடைய பதில், எத்தனை மணிக்கு மறுபடி கேட்பது என்று கார்டிலேயே எழுதுங்கள். இடம் நிறைந்ததும் கை சும்மா இருப்பதுபோல் உறுத்தும்; அந்த உறுத்தல்தான் உங்களை ஸ்டோரேஜ் அணிக்கு ஃபோன் செய்ய வைக்கும். வெளியார் பதில் நாள்கணக்கில் ஆகும் என்றால் மட்டும் தனிக் கட்டம் வைக்கலாம். அதற்கும் ஒரு வரம்பு வேண்டும்.

இடப்பக்கத்திலிருந்து பலகையைப் பார்ப்பது

வலப்பக்கத்திலிருந்து, “முடிந்தது”க்கு அருகிலிருந்து தொடங்குங்கள். “சரிபார்ப்பு” வரம்பு நிறைந்திருந்தால் புது வேலை எடுக்காமல் அங்கே ஒன்றை முடித்துக்கொடுங்கள்.

கடைசி மணி நேரத்தில் புது கார்டு

பத்து மணிக்குள் முடியுமென்றால் எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

எல்லாமே அவசரம்

அவசர வரிசையில் ஒரே ஒரு கார்டு. இரண்டாவது வந்தால் எது முதலில் என்பதை ஷிப்ட் பொறுப்பாளர் சொல்லட்டும்.