பிள்ளையை அணியில் எடுக்கவில்லை: பாடசாலைக்குக் கடிதம் எழுதும்போது விடும் தவறுகள்

இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து, வலய மட்டப் போட்டிக்கு அணி தெரிவு செய்யும் காலம் வந்தால் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் ஆசிரியர்களின் மேசைக்குப் பெற்றோரின் கடிதங்களும் வரத் தொடங்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பதால் அவற்றில் சிலவற்றை அனுப்புவதற்கு முன்பே என்னிடம் காட்டுவார்கள். ஏறக்குறைய எல்லாமே மரியாதையான சொற்களில்தான் இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் பதில் வராது. கேட்க வந்த கேள்வி அந்தக் கடிதத்துக்குள் இல்லாததுதான் அதற்குக் காரணம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மாங்குளத்துக்கு உள்ளே ஒரு கிராமம். தரம் 9 இல் படிக்கும் மகள், வலைப்பந்து விளையாடுகிறாள். பெயர்ப்பட்டியல் ஒட்டப்பட்ட அன்று அழுதுகொண்டு வீட்டுக்கு வருகிறாள். அன்றிரவே தாய் கொப்பித் தாளில் இப்படி எழுதுகிறார்:

"எனது மகள் நன்றாக விளையாடுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளைவிடக் குறைவாக விளையாடும் கடைக்காரரின் மகளை எடுத்திருக்கிறீர்கள். தகப்பன் இல்லாத பிள்ளை என்றபடியால்தானா இந்தப் பாகுபாடு? தயவுசெய்து இவளையும் அணியில் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பிரதி: வலயக் கல்விப் பணிப்பாளர்."

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது கடைக்காரரின் மகளைப் பற்றிய வரி. எங்கள் ஊர்களில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். பெயரை எழுதாமல் "கடைக்காரரின் மகள்" என்று எழுதினாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆசிரியர் இந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்வதென்றால் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் திறமையை உங்களோடு இருந்து எடைபோட வேண்டும். பொறுப்புள்ள எந்த ஆசிரியரும் அதைச் செய்ய மாட்டார். ஆகவே பேசாமல் இருந்துவிடுவார். கடிதத்தின் செய்தி எப்படியோ வெளியே கசிந்தால், நேற்று வரை ஒன்றாகச் சைக்கிளில் போன இரண்டு பிள்ளைகளும் முகம் பார்க்க மாட்டார்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஒப்பிடத்தான் வேண்டுமென்றால், போன வருடம் அவள் விளையாடியதோடு இந்த வருட விளையாட்டை ஒப்பிடுங்கள்.

அடுத்தது, தகப்பன் இல்லாத பிள்ளை என்ற வரி. இதைப் பற்றிச் சொல்லவே மனம் கஷ்டப்படுகிறது. வன்னியில் எத்தனையோ வீடுகளைத் தாய்மார் தனியாகத்தான் கொண்டு நடத்துகிறார்கள். அந்த வலி உண்மையானது. அதை இந்தக் கடிதத்தில் எழுதினால் இரண்டு விஷயங்கள் நடக்கும். நீங்கள் ஆதாரம் இல்லாமல் ஒரு குற்றத்தைச் சுமத்தியதாக ஆசிரியர் எடுத்துக்கொள்வார். அதைவிட மோசமானது மற்றது: உங்கள் மகள் ஆசிரியர் அறையில் நல்ல சூட்டர் என்ற பெயரை இழந்து, பாவப்பட்ட பிள்ளை ஆகிவிடுவாள். பிறகு அவளை அணியில் எடுத்தாலும் இரக்கத்தில் எடுத்தது என்றே கதைப்பார்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் மைதானத்தில் இறங்க வேண்டும். சண்டையில் இழந்தது, முகாமில் இருந்தது, வீட்டின் வறுமை எதுவும் அணித் தெரிவு பற்றிய கடிதத்துக்குள் வரக்கூடாது. ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. வீட்டு நிலைமையால் பயிற்சிக்கு அனுப்ப முடியாமல் போயிருந்தால் அதைத் தகவலாக ஒரு வரியில் எழுதலாம்.

பிரதி போடுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வலயத்துக்குப் பிரதி போன உடனேயே கடிதம் முறைப்பாடு ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஆசிரியர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதுவார், உங்கள் பிள்ளைக்கு எது போதாது என்று எழுத மாட்டார். முதல் கடிதம் அணிக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு மட்டும் போகட்டும். அங்கே பதில் இல்லாவிட்டால் அதிபர். வலயம் என்பது உண்மையிலேயே அநீதி நடந்தது என்று காட்ட முடிந்தால் மட்டும்.

"இவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற வேண்டுகோளும் கடிதத்தைக் கெடுக்கிறது. பெயர்ப்பட்டியல் வலயத்துக்குப் போன பிறகு ஆசிரியர் நினைத்தாலும் பெயரை மாற்றுவது கஷ்டம். போகாவிட்டாலும், ஒரு பிள்ளையைச் சேர்ப்பதென்றால் இன்னொரு பிள்ளையை நிறுத்த வேண்டும். நீங்கள் இடத்தைக் கேட்டால் அவரால் முடியாது என்று மட்டுமே சொல்ல முடியும். காரணத்தைக் கேட்டால் அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

சரி, அந்தக் காரணத்தை எப்படிக் கேட்பது? "ஏன் எடுக்கவில்லை" என்று பொதுவாகக் கேட்டால் "மற்றப் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள்" என்று பொதுவான பதில்தான் வரும். அதனால் விளையாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். வலைப்பந்தில் ஒரு நேரத்தில் களத்தில் 7 பேர். அந்த 7 பேரில் கோல் சூட்டர், கோல் அற்றாக் என்ற இரண்டு இடங்களில் நிற்பவர்கள் மட்டுமே வளையத்துக்குப் பந்து எறியலாம். பந்தைப் பிடித்தால் 3 செக்கனுக்குள் கைவிட வேண்டும், பந்தோடு ஓடவும் முடியாது. மகள் முற்றத்தில் நின்று பத்துக்கு எட்டுப் பந்தை வளையத்துக்குள் போடுவதைத் தாய் பார்த்திருப்பார். ஆனால் ஒரு மறிப்பாளி கையை நீட்டிக்கொண்டு முன்னால் நிற்க, 3 செக்கனுக்குள் போட அவளால் முடிகிறதா என்பதைப் பயிற்சியில் நிற்கும் ஆசிரியர்தான் பார்த்திருப்பார். அல்லது அவள் நன்றாகவே போட்டிருப்பாள், அந்த இரண்டு இடங்களுக்கும் தரம் 10 பிள்ளைகள் ஏற்கெனவே இருந்திருப்பார்கள். இந்த இரண்டும் முற்றிலும் வேறான காரணங்கள். முதலாவது என்றால் எறியப் பழக வேண்டும், இரண்டாவது என்றால் நடுக்களத்திலோ மறிக்கும் இடத்திலோ விளையாடப் பழகலாம். எந்த இடத்துக்கு அவளைப் பார்த்தீர்கள், அந்த இடத்துக்கு அவளிடம் எது போதவில்லை: இதைத்தான் கேட்க வேண்டும்.

எழுத உட்காருவதற்கு முன் வீட்டில் பார்க்க வேண்டியவையும் உண்டு. பிள்ளை எந்த வயதுப் பிரிவுக்குள் வருகிறாள் என்பதைப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். சில மாத வித்தியாசத்தில் மேல் பிரிவுக்குப் போய்விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை அறியாமல் கடிதம் எழுதினால் முதல் வரியிலேயே விஷயம் முடிந்துவிடும். அப்புறம் பயிற்சி நாட்கள். பாடசாலை 1.30க்கு விட்ட பிறகுதான் பயிற்சி. பின்னேரப் பஸ்ஸைத் தவறவிட்டால் வேறு பஸ் இல்லாத ஊர்கள் எங்களுடையவை. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடைக்குத் தாய் வேலைக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்க்க மூத்த பிள்ளை வீட்டில் நிற்பாள். கிளிநொச்சிக்கு டியூசனுக்குப் போகும் பிள்ளை அந்த நாளில் மைதானத்துக்கு வராது. எத்தனை நாள் தவறியது என்று பிள்ளையிடம் அன்பாகக் கேளுங்கள், அவளோடு பயிற்சிக்குப் போகிற தோழியிடமும் கேளுங்கள். கடிதம் எழுதப் போவதையும் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். "வேண்டாம் அம்மா" என்று சொன்னால் காரணம் என்னவென்று கேட்காமல் எழுத வேண்டாம். சில வேளை அவளே பேர் கொடுக்காமல் விட்டிருப்பாள்.

இவ்வளவும் பார்த்த பிறகு அந்தத் தாயின் கடிதம் இப்படி மாறும்:

"மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

வலைப்பந்தாட்ட அணித் தெரிவு தொடர்பாக

தரம் 9 இல் படிக்கும் எனது மகள் இம்முறை அணித் தெரிவில் கலந்துகொண்டாள். அவள் தெரிவாகவில்லை என்று அறிந்தேன். அணியை மாற்றும்படி கேட்டு இதை எழுதவில்லை.

மகள் கோல் சூட்டராக வர விரும்பிப் பயிற்சி செய்து வந்தாள். அறுவடைக் காலத்தில் வீட்டு வேலை காரணமாகச் சில நாட்கள் அவளைப் பயிற்சிக்கு அனுப்ப முடியவில்லை. அந்த இடத்துக்கு அவளிடம் எது போதாமல் இருந்தது என்பதையும், வேறு இடத்துக்கு அவளைப் பழக்கலாமா என்பதையும் அறியத்தந்தால் உதவியாக இருக்கும். பாடசாலை முடிந்த பின் தாங்கள் சொல்லும் நாளில் நேரில் வரவும் முடியும்.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,"

கீழே கையொப்பம், பிள்ளையின் பெயரும் வகுப்பும், தொலைபேசி இலக்கம், திகதி. ஒரு பக்கம் கூட வராது. நன்றாக விளையாடுவாள் என்று தாய் சான்று கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைத் தீர்மானிப்பது ஆசிரியரின் வேலை. பயிற்சிக்கு வராத நாட்களைத் தாயே எழுதிவிட்டதால் அதைச் சொல்லிக் காட்ட வேண்டிய சங்கடம் ஆசிரியருக்கு இல்லை. அவர் நேராகப் பதிலுக்கு வரலாம்.

இந்தக் கடிதத்தை மூடிய உறையில் போடுங்கள். திறந்த தாளாகப் பிள்ளையின் கையில் கொடுத்தால் வகுப்பே படித்துவிடும். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். அங்கே அணிக்குத் தெரிவான பிள்ளைகளின் பெற்றோரும் இருக்கிறார்கள், ஆசிரியரும் எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வருவார். கோபம் இருக்கும் இரவில் எழுதியதை இரண்டு நாள் வைத்துவிட்டுத் திரும்ப வாசித்துப் பாருங்கள்.

கலை நிகழ்ச்சியில் காரணங்கள் வேறு மாதிரி இருக்கும். தமிழ்மொழித் தினப் போட்டியில் பேச்சு, பாவோதல் போன்ற தனிப் போட்டிகள் என்றால் பாடசாலையில் முதலாவதாக வந்த பிள்ளையே அடுத்த கட்டத்துக்குப் போகும். அங்கே உச்சரிப்பிலா, நேரத்திலா, மனனத்திலா புள்ளி குறைந்தது என்று கேட்கலாம். குழு நடனத்தில் உயரம் ஒத்துப்போகிறதா, சோடி சரியாக வருகிறதா என்று பார்ப்பார்கள். சொல்லப்படாத காரணம் ஒன்றும் அங்கே இருக்கிறது: உடுப்பு வாடகை. இந்த வீட்டால் காசு கட்ட முடியாது என்று ஆசிரியரே நினைத்து, பிள்ளை சங்கடப்படக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில், கேட்காமலே விட்டுவிடுவதும் உண்டு. அப்படி நடந்திருக்கலாம் என்று தோன்றினால் ஆசிரியரைக் குற்றம் சொல்லாமல், "உடுப்புச் செலவை முன்கூட்டியே அறியத்தந்தால் ஆயத்தம் செய்துகொள்ள முடியும்" என்று ஒரு வரி சேருங்கள்.

பதில் பெரும்பாலும் எழுத்தில் வராது. ஆசிரியர் வாசலில் கண்டு சொல்லுவார், அல்லது போன் எடுப்பார். அதைக் குறையாக நினைக்க வேண்டாம், சொன்னதை வீட்டுக்கு வந்து குறித்து வையுங்கள். இரண்டு வாரம் ஆகியும் ஒன்றும் வராவிட்டால் மறுபடி எழுதாமல் ஒருநாள் நேரில் போய், "கடிதம் கிடைத்ததா ரீச்சர்?" என்று மட்டும் கேளுங்கள். சில பாடசாலைகளில் அணிக்குப் பொறுப்பாக இருப்பவர் கணிதமோ விஞ்ஞானமோ படிப்பிக்கும் ஆசிரியராக இருப்பார், கடிதம் கொப்பிகளுக்குள் போயிருக்கும். அதன் பிறகும் பதில் இல்லையென்றால், அதே கடிதத்தின் பிரதியோடு அதிபருக்கு நாலு வரி எழுதுங்கள்: எந்தத் திகதியில் கொடுத்தீர்கள், எந்தத் திகதியில் நேரில் கேட்டீர்கள், எது தெரிய வேண்டும் என்று.