கூச்சல் எழுந்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுவது எப்படி?

அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கத்தில் புதிதாகச் செயலாளர் ஆனவரை முதலில் தடுமாற வைப்பது மினிட்ஸ் புத்தகம்தான். பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தும் கூட்டத்தில் சண்டை மூண்டுவிட்டால் எதை எழுதுவது, எதை விடுவது என்ற குழப்பம் எழுகிறது. 24 வீடுகள் கொண்ட ஒரு கற்பனைக் குடியிருப்பை வைத்து இதைப் பார்ப்போம். அங்கே 950 சதுர அடியில் 16 வீடுகளும், 1,400 சதுர அடியில் 8 வீடுகளும் இருக்கின்றன.

படி 1: கூட்டத்துக்கு முன்பே தலைப்பகுதியை எழுதுதல்

நாள், இடம், தொடங்கும் நேரம், அறிவிப்பு அனுப்பிய தேதி, பொருள் நிரல் ஆகியவற்றை முதல் நாளே எழுதி வைத்துவிடலாம். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் வீட்டு எண்ணுடன் கையெழுத்திட வேண்டும். ஒரு வீட்டிலிருந்து கணவன், மனைவி இருவரும் வந்திருந்தால் வாக்கு ஒன்றா இரண்டா என்பதைச் சங்க விதியைப் பார்த்து அப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வாக்கெடுப்பின்போது அதைத் தேடினால் அதுவே இன்னொரு சண்டையாகிவிடும். நம் எடுத்துக்காட்டில் வீட்டுக்கு ஒரு வாக்கு. 17 வீடுகள் வந்துள்ளன. கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகையான கோரத்துக்கு விதிப்படி 8 வீடுகள் போதும்.

படி 2: கட்டணக் கணக்கை எண்ணாக எழுதுதல்

"கட்டணம் உயர்த்தப்பட்டது" என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து அது யாருக்கும் உதவாது. பழைய கட்டணம் சதுர அடிக்கு 3 ரூபாய், அதாவது சிறிய வீட்டுக்கு மாதம் 2,850 ரூபாயும் பெரிய வீட்டுக்கு 4,200 ரூபாயும் என்று எழுதுங்கள். 3.50 ரூபாயாக உயர்ந்தால் இவை முறையே 3,325, 4,900 ஆகின்றன. மொத்த வசூல் 79,200 ரூபாயிலிருந்து 92,400 ரூபாயாகிறது. நிலுவையைப் பொறுத்தவரை, "4 வீடுகள், மொத்தம் 61,800 ரூபாய்" என்று மினிட்ஸில் எழுதிவிட்டு, வீட்டு எண் வாரியான பட்டியலைக் கணக்குப் பதிவேட்டில் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. மினிட்ஸ் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும்போது நிலுவைக்காரரின் பெயரும் கூடவே சுற்றினால், பணம் வருவதற்கு முன் பகை வந்து சேரும்.

படி 3: சண்டையை எழுதுதல்

இங்கேதான் நிதானம் தேவை. பெரிய வீட்டுக்காரர்கள், லிஃப்டும் காவலாளியும் எல்லோருக்கும் பொது என்பதால் வீட்டுக்குச் சமமாக 3,850 ரூபாய் வாங்க வேண்டும் என்கிறார்கள். சிறிய வீட்டுக்காரர்கள் சதுர அடிக் கணக்கையே தொடரச் சொல்கிறார்கள். குரல்கள் உயர, ஒருவர் எழுந்து, "ஜெனரேட்டர் டீசல் பணத்தைச் சாப்பிட்டுவிட்டீர்கள்" என்று பொருளாளரைப் பார்த்துக் கத்துகிறார். மூவர் வெளிநடப்புச் செய்கிறார்கள்.

என் முதல் மினிட்ஸில் இப்படிப்பட்ட வசைகளை வார்த்தை பிசகாமல் எழுதி வைத்தேன். அடுத்த கூட்டம் முழுவதும் அந்த வார்த்தைகளைப் பற்றியே போயிற்று. வசையை விட்டுவிடுங்கள், ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் குற்றச்சாட்டை விட்டுவிடாதீர்கள். டீசல் செலவுக்கு ரசீது இல்லை என்பது பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதை நீக்கினால் நீங்கள் பொருளாளரைக் காப்பாற்றுவதாகவே பேசுவார்கள். எனவே இப்படி எழுதலாம்:

"உறுப்பினர் ஒருவர் ஜெனரேட்டர் டீசல் செலவுக்கான ரசீதுகளைக் கேட்டார். இரண்டு ரசீதுகள் தற்போது கையில் இல்லை என்று பொருளாளர் தெரிவித்தார். அவற்றை 15 நாட்களுக்குள் அறிவிப்புப் பலகையில் வைப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். கட்டண முறை குறித்து வீட்டுக்குச் சமமாக, சதுர அடி அடிப்படையில் என இரு கருத்துகள் முன்வைக்கப்பட்டன. முற்பகல் 11.40 மணிக்கு 3 உறுப்பினர்கள் கூட்டத்திலிருந்து வெளியேறினர். 14 வீடுகள் இருந்ததால் கோரம் தொடர்ந்தது."

வெளியேறிய நேரத்தை எழுதியே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால், 17 பேர் கையெழுத்திட்ட கூட்டத்தில் 14 வாக்குகள் மட்டுமே எப்படிப் பதிவாயின என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

படி 4: தீர்மானம்

வாக்கெடுப்புக்கு முன் தீர்மான வாசகத்தை உரக்கப் படித்துக் காட்டி, அதே வாசகத்தை எழுதுங்கள். "வரும் ஏப்ரல் முதல் சதுர அடிக்கு மாதம் 3.50 ரூபாய் வசூலிக்கப்படும்" என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு 9, எதிர்ப்பு 4, நடுநிலை 1 என்பதோடு நிறுத்துங்கள். எதிர்த்தவர் தன் மறுப்பைப் பதியக் கேட்டால், அவர் சொல்லும் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சேர்த்து, அங்கேயே அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

படி 5: கையெழுத்து

நினைவு மங்குமுன் இரண்டு நாட்களுக்குள் வரைவை முடித்து அனுப்புங்கள். யாராவது திருத்தம் கேட்டால் எழுதியதை அழிக்கவோ வெள்ளை மை பூசவோ வேண்டாம். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக முந்தைய மினிட்ஸைப் படித்து, ஒப்புக்கொண்ட திருத்தத்தை அந்தக் கூட்டத்தின் குறிப்பில் எழுதி, தலைவர் கையெழுத்திட வேண்டும். டீசல் ரசீதுகள் 15 நாட்களுக்குள் பலகைக்கு வந்தனவா என்பதையும் அந்தக் கூட்டத்தின் பொருள் நிரலிலேயே சேர்த்துவிடுங்கள்.