நலங்கு மாவை வாங்குவது யார்? வாடிக்கையாளர் சித்திரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக நலங்கு மாவு விற்கத் தொடங்குபவர்கள் எழுதும் வாடிக்கையாளர் சித்திரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: “பிரியா, 28 வயது, சென்னையில் ஐ.டி. வேலை, இயற்கைப் பொருள்களில் நாட்டம், ஓய்வு நேரத்தில் யோகா.” படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக்கெட் எத்தனை கிராம், விலை என்ன, உறையின் மேல் முதல் வரி எது என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் இதில் விடை இல்லை. ஒரு விவரத்தை அடித்துவிட்ட பிறகும் இந்த மூன்றும் மாறாமல் இருந்தால், அந்த விவரம் வெறும் அலங்காரம். யோகாவை அடித்துப் பாருங்கள்.

மாறாக, பிரியா தங்கியிருக்கும் விடுதியில் மூன்று பேருக்கு ஒரே குளியலறை என்பதும், ஈரக் கை பட்ட டப்பாவில் மாவு கட்டி தட்டிவிடும் என்பதும், வேலை நாளின் காலையில் அதைக் குழைத்துப் பூச அவருக்கு நேரமில்லை என்பதும் எழுதப்பட்டிருந்தால், ஒரு குளியலுக்கு ஒன்றாக 10 கிராம் பாக்கெட் போட வேண்டும் என்பது தானாகவே தெரிந்திருக்கும்.

இரண்டாவது தவறு, பூசிக்கொள்பவரையே வாங்குபவராக எண்ணிவிடுவது. குழந்தைக்கு வாங்கும் வீட்டில் குளிப்பது குழந்தை, பணம் கொடுப்பது தாய், “இதெல்லாம் வேண்டாம்” என்று தடுத்துவிடக்கூடியவர் பாட்டி. பாட்டிக்குப் பொலிவு பற்றிய வாசகத்தால் பயனில்லை. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு என்று என்னென்ன சேர்ந்திருக்கின்றன, மாவு எவ்வளவு மெல்லியதாகச் சலிக்கப்பட்டது என்பதையே அவர் பார்ப்பார்.

விலையில்தான் பெரிய சறுக்கல் நேர்கிறது. 100 கிராம் 180 ரூபாய் என்றும், ஒரு குளியலுக்கு 10 கிராம் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு குளியலுக்கு 18 ரூபாய் ஆகிறது. ஞாயிறு மட்டும் பூசும் பிரியாவுக்கு இது மாதம் 72 ரூபாய்தான். நாள்தோறும் அதே அளவு செலவாகும் வீட்டுக்கோ 540 ரூபாய். அந்த வீடு நம் விலையை இன்னொரு பிராண்டோடு ஒப்பிடாது. நாட்டு மருந்துக் கடையில் சாமான் வாங்கி, காயவைத்து, மில்லில் அரைக்க ஒரு கிலோவுக்கு 500 ரூபாய் ஆகிறது என்றால், அதற்கு ஒரு குளியலின் விலை ஐந்தே ரூபாய். இவ்விருவரையும் ஒரே சித்திரத்தில் கலந்து, 250 கிராம் டப்பாவுக்கு நடுவாந்திரமாக ஒரு விலை வைத்தால், பிரியாவுக்கு அளவு அதிகம், அந்த வீட்டுக்கு விலை அதிகம். முதலில் யாருக்கு என்பதை முடிவு செய்துவிட்டு, மற்றவரைக் காத்திருக்கவைப்பதே சரி.

இந்த விவரங்களைத் திரட்டும்போது “180 ரூபாய் கொடுத்து வாங்குவீர்களா?” என்று தெரிந்தவர்களிடம் கேட்பது வீண், முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. கடைசியாக எதை, எங்கே, என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று கேட்டு, அந்தப் பாக்கெட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். அது பாதியில் கட்டி தட்டிக் கிடந்தால், எப்போது நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.