'போயிட்டார்' என்றால் எங்கே? இறப்புச் செய்தி சொல்லும் ஒத்திகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன் பக்கத்தில் ஒரு நாட்டுப்படகுக்காரர், வயது 46. விடிகாலை 4 மணிக்கு வலை இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட இருந்த இரண்டு பேர் வலையை அப்படியே விட்டுவிட்டுப் படகைத் திருப்பினார்கள். கரைக்கு வர ஒன்றரை மணி நேரம். 108 வண்டி ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது மணி 6.05, நாடி இல்லை. 40 நிமிடம் நெஞ்சை அழுத்திப் பார்த்தும் பலனில்லாமல் 6.45-க்கு நிறுத்தினார்கள். வெளியே மனைவியும் அண்ணனும் நிற்கிறார்கள். பின்னால் ஊர்க்காரர்கள் இருபது பேர்.

பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நான் நடத்தும் ஒத்திகைக்காக எழுதிய கற்பனை நிகழ்வு இது. ஒருவர் டாக்டர், ஒருவர் மனைவி, ஒருவர் அண்ணன், நான்காமவர் கையில் கடிகாரத்தோடு கவனிப்பவர். எட்டு நிமிடம் நடிப்பு, அப்புறம் பதினைந்து நிமிடம் பேச்சு. கையில் இருக்கும் முறை ஸ்பைக்ஸ். பெய்ல், பக்மன் முதலியோர் 2000-இல் வெளியிட்ட ஆறு படிகள் அவை: இடத்தைத் தயார் செய்வது, அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று கேட்பது, செய்தியைச் சொல்வது, உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று பேசுவது. முறை நல்ல முறைதான். அதைக் கையில் பிடித்திருக்கும் விதத்தில்தான் சறுக்குகிறோம்.

ஒத்திகையில் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகே ஆரம்பிப்பது முதல் சறுக்கல். உண்மையில் இந்தக் காரியம் கதவுக்கு வெளியே, உள்ளே நுழைவதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் ஆரம்பிக்கிறது. ஆகவே நான் டாக்டராக நடிப்பவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தித்தான் தொடங்குவேன். அங்கே அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, யாருடைய குடும்பம் என்று உறுதி செய்துகொள்வது. நம் கடற்கரை ஊர்களில் ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் இருப்பது சாதாரணம். பெயரோடு அப்பா பெயர், ஊர், யாருடைய படகு என்பது வரை சரிபார்க்க வேண்டும். ஆள் மாறிச் சொல்லிவிட்டால் அதற்குப் பரிகாரமே கிடையாது. போனை அமைதியில் போடுவது, ஒரு செவிலியரைக் கூட அழைத்துக்கொள்வது, மனைவியையும் அண்ணனையும் கூட்டத்திலிருந்து பிரித்து உள்ளே உட்கார வைப்பது, இதெல்லாம் இந்த இரண்டு நிமிடத்துக்குள் வரும்.

உள்ளே உட்கார்ந்ததும் அண்ணனாக நடிப்பவரிடம் ஒரு வரி சொல்லச் சொல்லியிருப்பேன்: "சார், அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீக. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க." பெரும்பாலானோர் இங்கே விழுந்துவிடுகிறார்கள். அண்ணனை வெளியே அழைத்துப் போய்ச் சொல்லிவிட்டு, மனைவிக்குச் சொல்லும் வேலையை அவர் தலையில் வைத்துவிடுகிறார்கள். தம்பி இறந்த செய்தியை அப்போதுதான் கேட்ட மனிதர், அடுத்த நிமிடமே அதைத் தம்பி மனைவிக்கு எப்படிச் சொல்வார்? அண்ணனோடு வாதாடவும் வேண்டியதில்லை. "அண்ணே, நீங்க அவங்க பக்கத்துலயே இருங்க. நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன்" என்றால் போதும். பெரியவர் என்ற மரியாதையும் கிடைக்கிறது, என்ன செய்வது என்று தெரியாத கைகளுக்கு ஒரு வேலையும் கிடைக்கிறது.

அடுத்து, என்ன தெரியும் என்று கேட்கும் படி. இதைக் கேட்டுவிட்டுப் பதிலைக் காதில் வாங்காமல் போவது ஒரு தவறு. "காலையில என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு என்ன சொன்னாங்கக்கா?" என்று கேட்டால், "மயக்கமா கிடக்காகன்னு போன் வந்துச்சு. அவுக இப்ப எப்படி இருக்காக?" என்கிறார் மனைவி. இதிலிருந்து டாக்டருக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. அவர் மனத்தில் கணவர் இன்னும் மயக்கத்தில்தான் இருக்கிறார். மயக்கத்திலிருந்து மரணம் வரைக்கும் இருக்கும் தூரத்தை டாக்டர்தான் கைப்பிடித்துக் கடக்க வைக்க வேண்டும். எனவே பேச்சு அவருடைய சொல்லிலிருந்தே தொடங்கட்டும்: "ஆமாக்கா, படகுல மயக்கமானாரு. அது வெறும் மயக்கம் இல்ல, நெஞ்சடைப்பு."

மூன்றாவது படியை நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஸ்பைக்ஸ் புற்றுநோய் மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளுக்காக உருவாக்கியது. ஸ்கேன் முடிவோடு உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் "எல்லாத்தையும் விவரமா சொல்லவா, சுருக்கமா சொல்லவா?" என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. கணவர் இறந்துபோன பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்பது கொடுமை. வேண்டாம் என்று அவர் சொன்னால் சொல்லாமல் விட முடியுமா? படி தவறக்கூடாது என்று நினைக்கும் நல்ல பிள்ளைகள்தான் இந்தக் கேள்வியை அப்படியே கேட்கிறார்கள். இறப்புச் செய்தியில் அந்த இடத்தில் ஒரு முன்னெச்சரிக்கை வாக்கியம் வர வேண்டும்: "அக்கா, ரொம்பக் கஷ்டமான சேதி சொல்ல வேண்டியிருக்கு." ஒரு மூச்சு விட்டு, சேதியைச் சொல்லிவிட வேண்டும். முன்னெச்சரிக்கைக்கும் சேதிக்கும் நடுவே ஈசிஜி, ஊசி, ஷாக் என்று விளக்கத்தை நுழைத்தால், அந்த அம்மா அத்தனை நேரமும் நம்பிக்கையின் நுனியில் தொங்கிக்கொண்டிருப்பார்.

இனி அந்த ஒரு சொல். ஒத்திகையில் அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். தமிழில் சாவைச் சாவு என்று சொல்லாமல் சொல்ல நமக்கு ஏராளமான வழிகள் உண்டு. துக்க வீட்டில் அவை மரியாதை. மருத்துவமனையில் அவையே குழப்பம்.

"போயிட்டாருக்கா" என்றார் ஒரு பயிற்சி மருத்துவர். மனைவியாக நடித்த செவிலியர் சட்டென்று நிமிர்ந்து, "மதுரைக்கா?" என்று கேட்டார். நான் எழுதிக் கொடுத்த வரி இல்லை அது. அவருக்கு இயல்பாக வந்தது. இந்தக் கடற்கரையில் நிலைமை மோசமானால் மதுரைக்கு அனுப்புவார்கள் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். அதனால் 'போயிட்டார்' என்றால் ஆம்புலன்ஸில் போய்விட்டார் என்று காது எடுத்துக்கொள்கிறது. 'தவறிட்டார்' என்பதற்கும் இதே கதி. கடலுக்குப் போனவரைப் பற்றிச் சொன்னால் படகிலிருந்து தவறி விழுந்தார் என்றுதான் முதலில் கேட்கும். 'எல்லாம் முடிஞ்சிருச்சு' என்றால் சிகிச்சை முடிந்ததா? 'எங்களால முடியல' என்றால் வேறு யாரால் முடியும், எங்கே கொண்டு போகலாம் என்று அண்ணன் உடனே எழுந்துவிடுவார். 'காலமானார்' என்பது போஸ்டர் மொழி. நேரில் சொன்னால் வாசிப்பது போல இருக்கும்.

'இறந்துட்டார்' என்ற சொல்லே சரி. தணிந்த குரலில், முகத்தைப் பார்த்து, உறவையும் சேர்த்து: "உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாருக்கா." ஒரே வாக்கியம். கவனிப்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்: இறப்பு என்ற சொல் வாயிலிருந்து வந்ததா, எத்தனையாவது நிமிடத்தில் வந்தது? உட்கார்ந்த இரண்டு நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

சொல்லிய பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேட்க எளிது, செய்ய மிகக் கடினம். கடிகாரம் வைத்துப் பார்த்தால் பலர் நான்கைந்து நொடியிலேயே "நாங்க எல்லா முயற்சியும் பண்ணினோம்" என்று தொடங்கிவிடுகிறார்கள். அது குடும்பத்துக்காகச் சொல்வது இல்லை, சொல்பவரின் பதற்றம். நம் ஊரில் துக்கம் வாய்விட்டு வரும். தலையில் அடித்துக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போயிட்டீகளே" என்று அந்த அம்மா கத்தும்போது "அழாதீங்க, தைரியமா இருங்க" என்பது அழுகையை அடைப்பதற்குச் சமம். பக்கத்திலேயே இருப்பது, செவிலியர் தோளில் கை வைப்பது, முதல் அலை தணிந்ததும் "இப்படி ஆகும்னு யாரும் நெனச்சிருக்க மாட்டீங்க" என்று ஒரு வரி. அவர்களாகக் கேள்வி கேட்கும் வரை மருத்துவ விளக்கம் எதுவும் வேண்டாம். "முன்னாடியே கொண்டு வந்திருந்தா பொழச்சிருப்பாகளா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். படகைத் திருப்பிய அந்த இரண்டு பேரும் வெளியேதான் நிற்கிறார்கள் என்பதை மறந்து "ஆமா, லேட்டு" என்று சொல்லிவிடக்கூடாது. "நடுக்கடல்லேருந்து எவ்வளவு வேகமா வர முடியுமோ அவ்வளவு வேகமா கொண்டு வந்திருக்காங்க" என்பது உண்மை. அதைச் சொல்லலாம்.

கடைசிப் படியில் ஒரு தவறு மட்டும் சொல்கிறேன். மருத்துவமனைக்கு வரும்போதே நாடி இல்லாத திடீர் மரணம் என்பதால் போலீசுக்குத் தகவல் போகும், பிரேதப் பரிசோதனையும் தேவைப்படலாம். இறந்துட்டார் என்ற அதே மூச்சில் இதையும் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் காதில் விழுவது 'அறுக்கப் போறாங்க' என்பது மட்டும்தான். வெளியே நிற்கும் கூட்டம் கொதிப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதலில் உடலைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள், உள்ளே அழைத்துப் போங்கள், யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்று கேளுங்கள். பிறகு அண்ணனை உட்கார வைத்து ஏன், எங்கே, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். கீழக்கரை, தொண்டி பக்கத்து முஸ்லிம் குடும்பமாக இருந்தால் அன்றைக்கே அடக்கம் செய்ய வேண்டும் என்ற அவசரம் இருக்கும். எப்போது உடல் கைக்கு வரும் என்பதுதான் அவர்களுடைய பெரிய கேள்வி. தெரியாத நேரத்தைத் தெரிந்தது போலச் சொல்லாதீர்கள்.

நடத்துபவர்கள் செய்யும் தவறும் உண்டு, நானும் செய்திருக்கிறேன். ஒருமுறை யாரிடமும் கேட்காமல் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். மனைவியாக உட்கார்ந்த பெண், பாதியில் நடிப்பை விட்டு நிஜமாகவே அழுதார். அவருடைய அப்பா கடலில் இறந்தவர். இங்கே வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் என்பது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். இப்போது முந்தைய நாளே கதையைச் சொல்லி, வேண்டாம் என்பவர்களைக் கவனிப்பவராக உட்கார வைக்கிறேன். யார் கையைத் தூக்கினாலும் நடிப்பு அங்கேயே நிற்கும். முடிந்ததும் நாற்காலியை மாற்றி உட்கார்ந்து, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, "நான் அந்த அம்மா இல்ல" என்று வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன். அதன் பிறகே, எந்த வாக்கியம் உங்களுக்கு எப்படிக் கேட்டது என்று மனைவியாக இருந்தவரிடம் முதலில் கேட்கிறேன். டாக்டராக இருந்தவர் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப ஒரு தடவை சொல்கிறார்.