பேரோல் மென்பொருளில் உரிமை கேட்டு எழுதும் மெயிலில் செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி, அட்மினுக்கு அனுப்பும் முன் தன் மெயிலை என்னிடம் காட்டினார். "எனக்கு முன்னால் இருந்தவருக்குக் கொடுத்த அதே உரிமையை எனக்கும் கொடுங்கள்" என்று ஒரே வரி. நானும் சேர்ந்த புதிதில் இதையேதான் எழுதினேன்.

"அவருக்கு இருந்தது எனக்கும்"

எனக்கு முன்னால் இருந்தவர் ஆறு வருடம் வேலை பார்த்தவர். எச்ஆர் விடுப்பில் போனபோதெல்லாம் அவர்கள் வேலையையும் செய்ததால், ஊழியர் மாஸ்டரைத் திருத்தும் உரிமையும் அவரிடம் சேர்ந்திருந்தது. அட்மின் அதை அப்படியே எனக்கு நகலெடுத்துவிட்டார்.

ஒரு மாதம், ஓர் ஊழியருக்கு பிஎஃப் சலானில் 1,800 ரூபாய், சம்பளப் பதிவேட்டில் 1,680. அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் என்பதால் 15,000-க்கும் 14,000-க்கும் உள்ள வித்தியாசம் அது. எச்ஆரைக் கேட்காமல் நானே மாஸ்டரில் 15,000 என்று மாற்றினேன். உண்மையில் அவருக்கு ஊதிய உயர்வு அடுத்த மாதத்திலிருந்துதான், தப்பு சலானில். ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போய்விட்டது.

அந்தப் பணத்தை அடுத்த மாதமே பிடித்துவிட்டோம். ஆனால் தணிக்கையாளர் லாகைத் திறந்தபோது, சம்பளத்தை மாற்றியதும், சம்பளம் ஓட்டியதும், பதிவு போட்டதும் ஒரே ஐடி. இது ஒன்றுதானா, வேறும் உண்டா என்று அந்த வருடத்து மாஸ்டர் திருத்தங்கள் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்டார். கடிதம் கடிதமாகத் தேடிக் கொடுத்தோம். இன்றும் அந்த ஒரு வரியைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

ஆளைக் காட்டிக் கேட்காமல் வேலையைச் சொல்லிக் கேளுங்கள். தம்பியின் மெயிலை இப்படி மாற்றினோம்:

> வணக்கம் சார். மாதச் சம்பளப் பதிவைப் போடுவதும், பிஎஃப், ஈஎஸ்ஐ, டிடிஎஸ் தொகைகளை லெட்ஜரோடு ஒத்துப் பார்ப்பதும் என் பொறுப்பு. அதற்குச் சம்பளப் பதிவேட்டையும் பிடித்தங்களின் அறிக்கையையும் பார்க்கவும், எக்செலில் இறக்கவும் உரிமை வேண்டும். மாஸ்டரைத் திருத்தும் உரிமையும், சம்பளத்தை அங்கீகரிக்கும் உரிமையும் தேவையில்லை. மேலாளரின் ஒப்புதல் மெயிலை இணைத்துள்ளேன்.

"தேவையில்லை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பின்னால் யாராவது கேட்டால், நீங்கள் எதைக் கேட்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

மேலாளரை சிசியில் போடுவது

சிசி ஒப்புதல் ஆகாது. அவர் "சரி" என்று பதில் போட்டால்தான் ஒப்புதல்.

கடைசி நாளில் கேட்பது

டிடிஎஸ் பெரும்பாலான மாதங்களில் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள், பிஎஃபும் ஈஎஸ்ஐயும் 15-க்குள் கட்ட வேண்டும். ஒத்துப் பார்க்க இரண்டு நாளாவது வேண்டும். அதைக் கணக்கிட்டு, எந்தத் தேதிக்குள் உரிமை வேண்டும் என்று மெயிலிலேயே எழுதுங்கள்.

கிடைக்கும்வரை அடுத்தவர் பாஸ்வேர்டில் நுழைவது

கூடவே கூடாது.