மீட்டிங்குக்கு முன்னாடி அஜெண்டா மெயில் போடறது எப்படி: ஒரு மணலி யார்டு கதை

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல ப்ராஜெக்ட் வேலை பாக்குறேன். கேட்டுல லாரி உள்ள வந்தா கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர் எல்லாம் நோட்டுல எழுதறாங்க, அத டேப்லெட்டுக்கு மாத்தணும், அதான் ப்ராஜெக்ட். முதல் தடவை நான் போட்ட அஜெண்டா இவ்ளோதான்: "1. சாஃப்ட்வேர் 2. ட்ரெயினிங் 3. மத்த விஷயங்கள்". ஒரு மணி நேரம் உக்காந்தோம், அதுல பாதி டேப்லெட்டுக்கு எந்த கவர் வாங்கலாம்னே போச்சு, வெளிய வரும்போது யார்டு மேனேஜர் "இன்னாப்பா, கடைசில இன்னா முடிவாச்சு?"னு என்னையே கேட்டாரு. அடுத்த மீட்டிங்குக்கு மெயில மாத்தி எழுதினேன், எப்படின்னு சொல்றேன்.

ஸ்டெப் 1: முடிவ கேள்வியா எழுதுங்க

சப்ஜெக்ட் லைன், வணக்கம் எல்லாம் அப்புறம். மொதல்ல "மீட்டிங் முடியும்போது எதுக்கு பதில் கையில இருக்கணும்?"னு யோசிங்க. "சாஃப்ட்வேர்"ங்கறது தலைப்பு, அதுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. "1ஆம் தேதிலேர்ந்து நோட்ட நிறுத்திடலாமா, இல்ல ஒரு வாரம் ரெண்டுலயும் எழுதலாமா?"ன்னா பதில் சொல்லியே ஆகணும். பக்கத்துலயே யாரு முடிவு எடுக்கணும்னு எழுதுங்க, ஒரே ஒரு ஆளு. ரெண்டு பேரு போட்டா ரெண்டு பேரும் மத்தவர பாத்துட்டு உக்காந்திருப்பாங்க.

ஸ்டெப் 2: முன்னாடி படிக்க ஒரு பக்கம்

வெண்டர் குடுத்த 38 பக்க பிடிஎஃப்ப நான் அட்டாச் பண்ணி பாத்துட்டேன், ஒருத்தரும் தொறக்கல. இந்த தடவை முதல் கேள்விக்கு என்ன தேவையோ அத மட்டும் ஒரு பக்கத்துல போட்டேன். நோட்டுல எழுத லாரிக்கு 3 நிமிஷம், ரெண்டுலயும் எழுதினா 5 நிமிஷம். ஒரு நாளைக்கு 120 லாரி வருது, லாரிக்கு 2 நிமிஷம் கூடினா மொத்தம் 240 நிமிஷம், அதாவது கேட்டுல 4 மணி நேரம் எக்ஸ்ட்ரா. ஏற்கனவே வெளிய ரோட்டுல ட்ரெய்லர் வரிசை கட்டி நிக்குது, அதுல இது வேற. இந்த கணக்கு தெரியாம வந்தா "ரெண்டும் இருக்கட்டுமே, சேஃப்டிக்கு"ன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. அதனாலதான் மெயில்ல ரெண்டுலயும் எழுதறத நாள் முழுக்கன்னு இல்லாம நைட் ஷிஃப்டுக்கு மட்டும்னு சுருக்கினேன்.

லிங்க் குடுத்தா வேற ஆளோட போன்ல தொறந்து பாத்துட்டு அனுப்புங்க. நம்ம லாகின்ல தொறக்கும், அவங்களுக்கு பர்மிஷன் கேட்டு நிக்கும், அதோட விட்டுருவாங்க.

ஸ்டெப் 3: நேரம் பிரிக்கறது

எல்லாத்துக்கும் சமமா பிரிக்காதீங்க, எதுல சண்டை வருமோ அதுக்கு நேரம் ஜாஸ்தி, அதுவும் மொதல்ல வெச்சிடுங்க. கடைசில வெச்சா பெரியவங்க சாப்பாட்டுக்கு எழுந்துருவாங்க. நேரம் முடிஞ்சும் முடிவு வரலன்னா என்ன நடக்கும்னும் மெயில்லயே இருக்கணும், இல்லன்னா 20 நிமிஷம்னு போட்டது சும்மா அலங்காரத்துக்குத்தான்.

நான் அனுப்பின மெயில்:

> சப்ஜெக்ட்: வியாழன் 11 மணி, கேட் டேப்லெட்: 3 முடிவு வேணும், புதனுக்குள்ள 1 பக்கம் படிக்கணும்
>
> எல்லாருக்கும் வணக்கம். மீட்டிங் 11:00 – 11:45.
>
> படிக்க: அட்டாச் பண்ண ஒரு பக்கம், 5 நிமிஷம் ஆகும். லாரி டைம் கணக்க மட்டும் பாத்தா போதும்.
>
> 1. நோட்ட 1ஆம் தேதியே நிறுத்தறதா (ஏ), ஒரு வாரம் நைட் ஷிஃப்ட்ல மட்டும் ரெண்டும் எழுதறதா (பி)? முடிவு: யார்டு மேனேஜர். 20 நிமிஷம். முடியலன்னா பி.
> 2. நெட் போனா ஸ்பேர் சிம் வாங்கலாமா? முடிவு: அக்கவுண்ட்ஸ். 10 நிமிஷம்.
> 3. நைட் ஷிஃப்டுக்கு யாரு சொல்லித் தர்றது? முடிவு: கேட் சூப்பர்வைசர். 8 நிமிஷம்.
>
> மிச்சம் 7 நிமிஷம் லேட்டா வர்றவங்களுக்கும், கடைசில முடிவ படிச்சு காட்டவும். டைம் பாக்கறது நான்.
>
> முதல் கேள்விக்கு ஏ-வா பி-யான்னு புதன் சாயந்தரத்துக்குள்ள ஒரு எழுத்து ரிப்ளை பண்ணுங்க.

முடிவு எடுக்கறவங்க மூணு பேரும் 'டூ'ல, மத்தவங்க சிசில. செவ்வாய் காலைல அனுப்பினேன். ஒரு வாரம் முன்னாடி அனுப்பினா மறந்துருவாங்க, முந்தின நாள் நைட் அனுப்பினா படிக்க நேரம் இருக்காது.

ஸ்டெப் 4: படிச்சாங்களான்னு பாருங்க

அந்த ஒரு எழுத்து ரிப்ளை இதுக்குத்தான். புதன் 4 மணி வரைக்கும் ரெண்டு பேருதான் அனுப்பியிருந்தாங்க, மூணாவது சூப்பர்வைசர் அண்ணன், அவரு நாள் முழுக்க கேட்டுல நிக்கிற ஆளு, மெயிலே பாக்க மாட்டாரு. நேர்ல போயி பேப்பர குடுத்தேன். பாத்துட்டு "யப்பா, நாலு மணி நேரமா? நைட்டு கூட ரெண்டும் வேணாம்பா, அப்பதான் லாரியே ஜாஸ்தி, மத்தியானத்துல வெச்சிக்கலாம்"ன்னாரு. எங்க ஆபீஸ்ல யாருக்குமே இது தெரியாது. உடனே அதே மெயில் த்ரெட்ல ரிப்ளை போட்டு பி-ல 'நைட் ஷிஃப்ட்'ட 'மத்தியான ஷிஃப்ட்'னு மாத்தினேன், புது மெயில் போட்டா ரெண்டு வெர்ஷன் சுத்தும்.

வியாழக்கிழமை முதல் கேள்வி 14 நிமிஷத்துல முடிஞ்சுது, பி-தான். சிம்முக்கு மட்டும் 10 நிமிஷம் பத்தல, அக்கவுண்ட்ஸ் சார் கொட்டேஷன் ஒண்ணுதானா இருக்குன்னு கேட்டாரு. அத நான் முன்னாடியே ரெண்டா வாங்கி படிக்க குடுத்திருக்கணும், என் தப்புதான்.